பாடநூலின் முதல் பக்கமும் வகுப்பறையின் துடைப்பமும்

தமிழ்நாட்டு அரசுப் பாடநூல் எதைத் திறந்தாலும் தொடக்கப் பக்கங்களில் தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மையற்றது என்று அச்சிட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் பாடத்துக்குள் போகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டிய வழக்கில், அவனோடு படித்த மாணவர்களே பிடிபட்டார்கள். அவர்களும் அந்தப் பக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான்.

இப்படி ஏதாவது நடந்தால், உடனே ஒரு கோரிக்கை எழும்: "நீதிபோதனை வகுப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள், நல்ல கதைகள் சொல்லுங்கள்." வகுப்பறையில் விழுமியம் கற்பிக்கக் கதை, கலந்துரையாடல், ஆசிரியரின் முன்மாதிரி என மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். இந்த மூன்றும் ஒரே எடை கொண்டவையல்ல என்பதும், எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதும் என் கருத்து.

1970இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரையன், நான்சி வால்பெக் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் ஒரு விளையாட்டை ஆடிப் பரிசுச் சீட்டு வெல்ல வேண்டும். விரும்பினால் அதில் கொஞ்சத்தை ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். அவர்கள் ஆடுவதற்கு முன், இன்னொருவர் ஆடுவதைப் பார்ப்பார்கள். அவர் சில குழந்தைகளிடம் "கொடுப்பது நல்லது" என்று பேசினார், சிலரிடம் "கொடுக்கத் தேவையில்லை" என்று பேசினார். பேச்சு எதுவானாலும், சிலர் முன்னால் கொடுத்தார், சிலர் முன்னால் கொடுக்கவில்லை. பிறகு குழந்தைகள் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அவருடைய செயலைப் பொறுத்தே அமைந்தது. ஆனால் குழந்தைகளைப் பேசச் சொன்னபோது, அவருடைய பேச்சைத் திருப்பிச் சொன்னார்கள். அதாவது, பேச்சிலிருந்து பேசக் கற்றார்கள், செயலிலிருந்து செய்யக் கற்றார்கள்.

தேர்வில் "தீண்டாமை பெருங்குற்றம்" என்று பிழையில்லாமல் எழுதும் மாணவன், மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதற்கு வேறொரு பாடத்தைப் பின்பற்றுவதில் வியப்பில்லை. அந்த வேறு பாடத்தையும் நாம்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

முன்மாதிரி என்றதும் ஆசிரியர் ஒரு மகானாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தேவையில்லை. முன்மாதிரி என்பது வகுப்பின் அன்றாட ஏற்பாடு. துடைப்பம் எடுக்க யாரை அனுப்புகிறோம்? ஆசிரியர் அறைக்குத் தண்ணீர் கொண்டுவர யாரை அழைக்கிறோம்? கழிவறைக்கு யார்? விழாவில் விருந்தினருக்குத் தட்டு ஏந்த யார்? உதவித்தொகைப் படிவம் வந்ததும் "எஸ்.சி. பசங்க எழுந்திருங்க" என்கிறோமா? ஓர் ஆசிரியர் இரண்டு வாரம் ஒரு நோட்டில் இரண்டே பத்தி போட்டு எழுதிப் பார்க்கட்டும்: வேலை எது, அனுப்பியது யாரை. நாற்பது பேர் வகுப்பில் துடைப்பம் அதே நாலைந்து பெயர்களையே சுற்றிச் சுற்றி வந்தால், அதுதான் அந்த வகுப்பில் நடந்துகொண்டிருக்கும் அறப்பாடம். இதற்கு மருந்தும் எளிது. வருகைப்பதிவேட்டின் வரிசைப்படி எல்லா வேலையும் எல்லோருக்கும் சுழல வேண்டும், தட்டு ஏந்துவதும் சேர்த்து. கழிவறைக்கு மாணவர் யாரும் கிடையாது. உதவித்தொகை விவரங்களைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும்.

இந்த ஏற்பாடு இல்லாத வகுப்பில் கலந்துரையாடல் ஆபத்தானது. "உங்களில் யாருக்காவது சாதிக் கொடுமை நடந்திருக்கிறதா, சொல்லுங்கள்" என்று நல்லெண்ணத்தோடு கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்டவுடன் முப்பது கண்கள் ஒரு பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமத்தில் ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதி சொல்லப்படாதபோது தலித் மாணவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு முடித்தார்கள். எல்லோர் முன்னும் பெயரோடு சாதியையும் அறிவித்தபோது தலித் மாணவர்கள் முடித்த எண்ணிக்கை குறைந்தது. பிள்ளைகள் அவர்களேதான், மாறியது அறைதான். நாங்குநேரி மாணவனும் தனக்கு நடந்ததைப் பள்ளியில் சொன்ன பிறகே வெட்டப்பட்டான். பாதுகாப்புக்கு வழி செய்யாமல் பேசச் சொல்வது, பேசுபவனைக் காட்டிக்கொடுப்பதில் போய் முடியும்.

எனவே கலந்துரையாடலுக்கு வகுப்பில் இல்லாத ஒருவர் தேவை. கதையின் உண்மையான வேலை இங்குதான் வருகிறது.

அம்பேத்கர் சதாராவில் படித்த பள்ளியை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் தனியே கோணிப்பையில் உட்கார வேண்டும். பள்ளியைச் சுத்தம் செய்யும் ஊழியர் அந்தக் கோணியைத் தொடமாட்டார், ஆகவே தினமும் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயை அவராகத் தொடக்கூடாது. ஆசிரியரின் அனுமதியோடு பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை.

இதை எட்டாம் வகுப்பில் சொல்லிவிட்டு, "இதிலிருந்து நாம் அறியும் நீதி என்ன?" என்று கேட்டால் "எல்லோரும் சமம்" என்று நாற்பது குரல்கள் ஒரே ராகத்தில் வரும். "அந்தச் சிறுவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டால் இரக்கம் வரும், சிலர் தலை குனிவார்கள். இரண்டு கேள்விகளும் வகுப்பை இருந்த இடத்திலேயே விட்டுவிடும்.

கேள்வியைத் திருப்ப வேண்டும். இந்த விதியை எழுதி ஒட்டியது யார்? யாரும் எழுதவில்லை என்றால் அது எப்படி நடந்தது? பியூன் வராத நாளில் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற மாணவன் என்ன செய்திருக்கலாம், ஏன் செய்யவில்லை? ஆசிரியர் மறுநாளே மாற்றியிருக்கக் கூடியது எது? நாலு பேர் குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆசிரியர், ஒரு குழுவுக்குப் பியூன், ஒரு குழுவுக்கு வகுப்புத்தோழன் என்று பத்து நிமிடம் கொடுத்தால் போதும். சிறுவனின் பாத்திரத்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது. அப்போது பார்வை பாதிக்கப்பட்டவனை விட்டு ஏற்பாட்டின் மீது போகிறது. கடைசியில் ஒரே கேள்வி: நம் பள்ளியில் எழுதாமலே நடக்கும் விதி ஏதாவது இருக்கிறதா? பதிலைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதி வாங்குங்கள். சீட்டில் துடைப்பம் வரும், மணிக்கட்டுக் கயிறு வரும். எதையாவது மாற்ற முடியாதென்றால் அந்தக் கேள்வியைக் கேட்காமலிருப்பதே நேர்மை.

ஒன்றை மறக்கக்கூடாது. கலந்துரையாடல் வாக்கெடுப்பு ஆகிவிடக்கூடாது. ஒரே சாதியினர் இருபத்தைந்து பேர் இருக்கும் வகுப்பில் கை தூக்கச் சொன்னால் ஊரின் கணக்குதான் வரும். சமத்துவம் அரசமைப்புச் சட்டம் முடித்துவைத்த விஷயம். அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதே பேச வேண்டியது.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, வண்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக்குறியும் கூடாது என்ற பரிந்துரைகளைப் பலர் "மாணவர் மனதை மாற்றாமல் கயிற்றை அறுத்து என்ன பயன்?" என்று கேலி செய்தார்கள். பிரையனும் வால்பெக்கும் கண்டது சரியென்றால் கேள்வியே தலைகீழ். கயிறும் பெயர்ப்பலகையும் பெரியவர்கள் செய்துகாட்டும் செயல்கள். அவை அப்படியே இருக்க, மேலே சொல்லும் கதை வாயில் மட்டுமே தங்கும்.

ஓர் ஆசிரியரின் முன்மாதிரி ஊரை மாற்றிவிடாது. மாலை நாலு மணிக்குப் பிள்ளை திரும்பிப் போவது அதே தெருவுக்குத்தான். பள்ளியில் கற்றது பிடித்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் விடைத்தாளைத் திருத்திப் பயனில்லை. மதிய உணவு வேளையில் யார் யாருடைய டிபன் பாக்ஸில் கை வைக்கிறார்கள், யார் குடித்த பாட்டிலை யார் வாங்கிக் குடிக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று மாதம் கழித்தும் வட்டங்கள் அப்படியே இருந்தால், மாற்ற வேண்டியது கதைப் புத்தகம் இல்லை. அந்த இரண்டு பத்தி நோட்டை மறுபடியும் எடுங்கள்.