118 ரூபாய் வித்தியாசம்

“பேங்க்குல இருந்து மெசேஜ் வருது, போன்லயே பேலன்ஸ் தெரியுது. அப்புறம் மாசாமாசம் எதுக்குண்ணே ஒத்துப் பார்க்கணும்? வருஷக் கடைசியில ஆடிட்டர் பார்த்துக்குவாரு.” மடுகரை, நெட்டப்பாக்கம், பாகூர் பக்கத்துக் கடைத்தெருக்களில் பல வருடங்களாகச் சுற்றிவரும் பேச்சு இது. இதை நம்பிய கடைக்காரர் தன் பணத்தைத் தானே கைவிடுகிறார்.

முதலில் மெசேஜ். வங்கியில் நடந்ததை மட்டுமே அது சொல்லும். நடக்காததற்கு எந்த மெசேஜும் வராது. கடைக்காரர் கொடுத்த செக்கை வாங்கியவர் இன்னும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார் என்பதை எந்தப் போனும் சொல்லப்போவதில்லை.

“இப்போ செக் சில மணி நேரத்துலயே பாஸ் ஆகுதே” என்பார்கள். 2025 அக்டோபரிலிருந்து அப்படித்தான். ஆனால் அந்த மணி நேரம், செக்கை வங்கியில் போட்ட பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. போடுவதற்கு மூன்று மாதம் அவகாசம் இருக்கிறது.

அடுத்தது பேலன்ஸ். பெரிய ஏமாற்று இங்கேதான் நடக்கிறது. மடுகரையில் ஓர் உரக்கடை என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 30 அன்று கடை நோட்டில் வங்கி இருப்பு 1,86,000 ரூபாய். பாஸ்புக்கில் 1,85,882. வித்தியாசம் 118. “பேங்க் சார்ஜ்” என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவதுதான் வழக்கம். இரண்டும் ஒத்துப்போனதாகவே தோன்றும்.

வரிவரியாக டிக் அடித்துப் பார்த்தால் கதை வேறு. நெல் விவசாயி ஒருவர் ஜூன் 10 தேதியிட்டு 18,000 ரூபாய்க்குக் கொடுத்த செக்கைக் கடைக்காரர் 12ஆம் தேதி வங்கியில் போட்டார். நோட்டில் வரவும் வைத்தார். 13ஆம் தேதி பணமில்லை என்று அது திரும்பிவிட்டது. அதற்கு வங்கி 100 ரூபாயும் ஜிஎஸ்டி 18 ரூபாயும் பிடித்தது. மறுபக்கம், பூச்சிமருந்து மொத்த வியாபாரிக்கு 20ஆம் தேதி கொடுத்த செக்கும் 18,000 ரூபாய்தான். நோட்டில் அது கழிந்துவிட்டது, வங்கிக்கு இன்னும் வரவில்லை. திரும்பிய செக்கால் நோட்டு 18,000 கூடுதல். வராத செக்கால் பாஸ்புக்கும் 18,000 கூடுதல். ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டன. தடயமாக மிஞ்சியது அந்த 118 மட்டுமே.

நோட்டில் 18,000ஐயும் 118ஐயும் கழித்தால் 1,67,882. பாஸ்புக்கில் வராத செக்கின் 18,000ஐக் கழித்தாலும் அதே 1,67,882. கடைக்காரரின் உண்மையான பணம் இதுதான். இது தெரியாமல் உரக் கம்பெனிக்கு 1,75,000 அனுப்பினால், கணக்கில் மிஞ்சுவது 10,882. பிறகு மருந்து வியாபாரியின் செக் வரும்போது திரும்பும். குற்றம் இப்போது கடைக்காரர் தலையில்.

“ஆடிட்டர் பார்த்துக்குவாரு” என்பதைத்தான் கொஞ்சமும் மன்னிக்க முடியாது. செக் மோசடிக்கான 138ஆம் பிரிவின்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். ஜூலை 1ஆம் தேதி ஒத்துப் பார்த்தவருக்கு இன்னும் 12 நாள் கையில் இருக்கிறது. அதைத் தவறவிட்டாலும், செக்கின் மூன்று மாத ஆயுளுக்குள் மறுபடி போட்டு, அது திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம் என்று எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆடிட்டர் ஏட்டைத் திறப்பதோ அடுத்த ஏப்ரலில். அதற்குள் நோட்டீஸ் காலமும் போயிருக்கும், செக்கின் ஆயுளும் முடிந்திருக்கும். கடனுக்காகச் சிவில் வழக்கு போடும் வழி மட்டுமே மிச்சம்.

“டேலி தானா பார்த்துக்கும்” என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: அதில் ‘Bank Date’ கட்டத்தில் வங்கித் தேதி ஏறாத பதிவு நிலுவையாகவே நிற்கும்.

வேலை இவ்வளவுதான். மாதத்தின் முதல் நாள், போன மாதத்துப் பாஸ்புக் வரிகளையும் நோட்டு வரிகளையும் எதிரெதிரே வைத்து, தொகையும் செக் எண்ணும் ஒத்தவற்றை டிக் அடிக்க வேண்டும். பாஸ்புக்கில் மட்டும் உள்ள கட்டணம், வட்டி, திரும்பிய செக் ஆகியவற்றை நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் மட்டும் உள்ளவை தனிப் பட்டியலாக அடுத்த மாதத்துக்குப் போகும். அடுத்த மாதமும் அதே செக் அந்தப் பட்டியலில் நின்றால், மருந்து வியாபாரிக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். மூன்று மாதம் தாண்டிவிட்டால் பதிவைத் திருப்பி எழுதிப் பணத்தை வங்கி இருப்பில் சேர்க்கலாம். அப்போதும் அவருக்குத் தர வேண்டிய 18,000 கடனாகவே நோட்டில் நிற்கும்.