பாலிடெக்னிக் என்றால் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான்: "சாரே, பயலுக்கு மார்க் கொறவு. பாலிடெக்னிக்ல தள்ளிரலாமா?" இந்தத் 'தள்ளிரலாமா' என்ற சொல்தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

முதலில் வருடக் கணக்கைப் பார்ப்போம். பத்து முடித்து பிளஸ் டூ 2 வருடம், பி.இ. 4 வருடம், மொத்தம் 6. பத்து முடித்து டிப்ளமோ 3 வருடம், லேட்டரல் என்ட்ரியில் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டு, அங்கே 3 வருடம், அதுவும் 6. அப்படியானால் "ஒரு வருசம் வீணாப் போவும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பிளஸ் டூ முடித்த பிறகு பாலிடெக்னிக் போகிறவர்கள் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் 2+2+3 என்று 7 வருடம் ஆகும். ஆகவே முடிவைப் பத்திலேயே எடுக்க வேண்டும்.

அடுத்தது பணம். 2017-இல் கட்டணக் குழு வைத்த கணக்குப்படி, தரச்சான்று பெற்ற தனியார் கல்லூரியில் கவுன்சிலிங் சீட்டுக்கு வருடம் 55,000 ரூபாய். நாலு வருடத்துக்கு 2,20,000. லேட்டரலில் மூன்று வருடம்தான், 1,65,000. கோணம் அரசு பாலிடெக்னிக்கில் படித்த மூன்று வருடத்துக்கு ஆகும் கட்டணம் மிகச் சொற்பம். பிளஸ் டூவுக்குத் தனியார் பள்ளியில் கட்டும் பணமும் மிச்சம்.

வேலைதான் முக்கியம். நாலு வருடத்தில் அரியர் விழுந்து பி.இ. முடிக்காத பிள்ளையின் கையில் மிஞ்சுவது பிளஸ் டூ சர்ட்டிபிகேட் மட்டும். டிப்ளமோக்காரனுக்கோ பதினெட்டு பத்தொன்பது வயதிலேயே வேலைக்கு ஆகும் சர்ட்டிபிகேட் உண்டு. ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வை அவன் எழுதலாம். நம் பக்கத்து மகேந்திரகிரி இஸ்ரோவில் டெக்னிகல் அசிஸ்டென்ட் பணிக்குக் கேட்பதே முதல் வகுப்பு டிப்ளமோதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பி.இ. முதல் வருடக் கணக்கைப் படிக்காமலே மூன்றாம் செமஸ்டரில் போய் உட்கார வேண்டும். பலர் தடுக்கி விழுவது அங்கேதான். டிப்ளமோ முடிந்து கல்லூரி திறப்பதற்குள் டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷன் இரண்டையும் தானாகப் போட்டுப் பார்க்கட்டும். திணறினால் விடுமுறையிலேயே ஒரு கணக்கு வாத்தியாரைப் பிடியுங்கள். டிப்ளமோ மார்க்கிலும் அலட்சியம் வேண்டாம்; லேட்டரல் கவுன்சிலிங்கில் நல்ல கல்லூரி கிடைப்பது அதை வைத்துத்தான்.

கணக்கில் புலியா? பிளஸ் டூ போகட்டும். ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளையா? பன்னிரண்டு வரை அங்கேயே படித்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பி.இ. படிப்புச் செலவை அரசே ஏற்கும், அதை விட்டுவிடாதீர்கள். மற்றபடி நடுத்தர மார்க் வாங்கி, கையால் செய்து படிக்க ஆசைப்படுகிற பிள்ளையை, ஊர் என்ன சொல்லுமோ என்று பிளஸ் டூவில் கொண்டு உட்கார வைக்காதீர்கள். ஃபீஸ் கட்டப்போவது ஊர் இல்லை, நீங்கள்தான்.