மலச்சிக்கலுக்குச் சிரப்பா, பொடியா? அளவை மூன்று நாள் பார்த்து மாற்றுங்கள்

எங்கள் குடல்நோய்ப் புறநோயாளிப் பிரிவில் வாரந்தோறும் கேட்கும் குறை ஒன்று உண்டு. "மருந்து குடிச்சு ரெண்டு நாளாச்சுங்க டாக்டர், ஒண்ணுமே ஆகலீங்க" என்பார்கள். அதே நோயாளி அடுத்த வாரம் வந்து, "இந்த மருந்து வேண்டாமுங்க, தண்ணியா போயிருச்சு" என்பார். இரண்டு குறைகளுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மருந்து தவறானதன்று; அளவை மாற்றிய வேகமே தவறானது.

நாள்பட்ட மலச்சிக்கலுக்கு இன்று அதிகம் எழுதித் தரப்படும் மருந்துகள் இரண்டு: லாக்டுலோஸ் சிரப், மேக்ரோகால் பொடி. இவற்றுள் எதை முதலில் தேர்ந்தெடுப்பது என்பதில் எங்களுக்குத் தெளிவான கருத்து உண்டு. அதைவிட, எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் அளவை நோயாளியே சரிசெய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். லாக்டுலோஸ் என்பது செயற்கையாக உருவாக்கப்பட்ட ஒரு சர்க்கரை. நம் சிறுகுடலால் அதைச் செரிக்க இயலாது. அது அப்படியே பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை உண்டு புளிக்கச் செய்கின்றன. அப்போது உண்டாகும் அமிலங்கள் குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்குகின்றன. மாவு புளிக்கும்போது பொங்குவதைப் போலவே, இங்கும் வாயு உண்டாகிறது. வயிறு உப்புவதும் காற்றுப் பிரிவதும் அதனால்தான். குறைந்த அளவில் தொடங்கினால் சில நாட்களில் பலருக்கு இது தணிந்துவிடும்.

மேக்ரோகால் சர்க்கரையன்று. நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நீண்ட மூலக்கூறு அது. உடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதில்லை; பாக்டீரியாக்களாலும் அதை உடைக்க இயலாது. நாம் எந்த நீரில் கரைத்துக் குடிக்கிறோமோ, அந்த நீரைப் பிடித்துக்கொண்டே மலத்தோடு வெளியேறுகிறது. புளிப்பு இல்லாததால் வாயுத் தொல்லை குறைவு. ஆனால் நீர் குறைவாகச் சேர்த்துக் குடித்தால் அது தன் வேலையைச் சரிவரச் செய்யாது.

நாள்பட்ட மலச்சிக்கலுக்கு நாங்கள் முதலில் மேக்ரோகாலையே பரிந்துரைக்கிறோம். இவ்விரு மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 10 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2010ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. மலம் கழியும் எண்ணிக்கையிலும் மலத்தின் இளக்கத்திலும் மேக்ரோகாலே மேலானது என்பது அதன் முடிவு. 2023இல் வெளியான அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதலும் மேக்ரோகாலை வலுவாகப் பரிந்துரைக்கிறது. லாக்டுலோஸை, மற்ற எளிய மருந்துகள் பலனளிக்காதபோதோ ஒத்துக்கொள்ளாதபோதோ கொடுக்கலாம் என்கிறது. எனினும் லாக்டுலோஸால் நலமாக இருப்பவர் மருந்தை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

இனி அளவுக்கு வருவோம். எங்களிடம் வந்த பலரின் அனுபவங்களைச் சேர்த்து ஒரு தாயாரைக் கற்பனை செய்துகொள்வோம். சோமனூரில் விசைத்தறிக் கொட்டகையில் உட்கார்ந்து தார் சுற்றும் வேலை, வயது 61. பதினைந்து ஆண்டுகளாக மலச்சிக்கல். தைராய்டு, கால்சியம் பரிசோதனைகளும் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் இயல்பாக இருந்தன. உள்ளூர் மருத்துவர் இரவில் 15 மில்லி லாக்டுலோஸ் எழுதித் தந்தார். இரண்டு நாளில் பலன் தெரியவில்லை. மூன்றாம் நாள் அவரே 30 மில்லி குடித்தார். நான்காம் நாள் காலையும் இரவும் 30 மில்லி. ஐந்தாம் நாள் ஐந்து முறை நீராகப் போயிற்று. அஞ்சி மருந்தை நிறுத்தினார். பத்து நாளில் மலம் மீண்டும் ஆட்டுப் புழுக்கையாக இறுகியது. பிறகு மீண்டும் சிரப், மீண்டும் பேதி. ஓராண்டு இப்படியே கழிந்தது.

இங்கே நடந்தது என்ன? லாக்டுலோஸ் பெருங்குடலை அடைந்து, புளித்து, மலத்தை இளக்கி வெளியே கொண்டுவர ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். மேக்ரோகாலுக்கும் ஏறத்தாழ அதே கால அளவுதான். முதல் நாள் குடித்த 15 மில்லியின் பலன் தெரிவதற்கு முன்பே அதன்மேல் 30, அதன்மேல் 60 எனச் சேர்ந்துவிட்டது. ஐந்தாம் நாள் வந்த பேதி, நான்கு நாள் மருந்தும் ஒன்றாகச் சேர்ந்து செய்த வேலை. தலைவலி மாத்திரையைப் போல ஒரு மணி நேரத்தில் பலனை எதிர்பார்ப்பதே இந்தச் சுழலுக்குக் காரணம்.

அந்தத் தாயாருக்கு வாயுத் தொல்லையும் அதிகமாக இருந்ததால் மேக்ரோகாலுக்கு மாற்றினோம். 17 கிராம் பாக்கெட் ஒன்று; ஒரு பெரிய டம்ளர், அதாவது சுமார் 200 மில்லி நீரில் முழுவதும் கரையும்வரை கலக்கிக் காலையில் குடிக்க வேண்டும். கூடவே ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளச் சொன்னோம். தேதி, மருந்தின் அளவு, எத்தனை முறை, மலத்தின் தன்மை என்று நான்கே குறிப்புகள். தன்மைக்கு நான்கு சொற்கள் போதும்: புழுக்கை, வாழைப்பழம், கூழ், தண்ணீர். நமக்கு வேண்டியது வாழைப்பழம்.

அவருடைய மருமகள் எழுதிய நோட்டு இப்படிச் சென்றது. முதல் மூன்று நாள் தினமும் ஒரு பாக்கெட். மூன்றாம் நாள் மட்டும் ஒரு முறை, புழுக்கை. எனவே நான்காம் நாள் முதல் காலை ஒன்று, மாலை ஒன்று. ஆறாம் நாள் வாழைப்பழம். ஏழாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரை தினமும் மூன்று முறை, கூழ். முன்பாக இருந்தால் மருந்தை முழுவதும் நிறுத்தியிருப்பார். இம்முறை நிறுத்தவில்லை, குறைத்தார்: ஒரு நாள் இரண்டு பாக்கெட், மறுநாள் ஒன்று. பன்னிரண்டாம் நாள் முதல் தினமும் ஒரு முறை, வாழைப்பழம். இரண்டு மாதம் கழித்துத் தினமும் ஒன்றாகக் குறைத்துப் பார்த்தோம். ஒரு வாரத்தில் புழுக்கை திரும்பிற்று. ஆகவே பழைய அளவுக்கே சென்றோம். அதுவே அவருக்குரிய அளவு. வேறொருவருக்கு இரண்டு நாளுக்கு ஒரு பாக்கெட் போதுமானதாக இருக்கலாம்.

இதிலிருந்து பெறப்படும் விதி எளியது. ஓர் அளவைத் தொடங்கினால் மூன்று நாள் அதிலேயே இருங்கள். புழுக்கையாக இருந்தால் ஒரு படி ஏற்றுங்கள். கூழாகப் பலமுறை போனால் ஒரு படி இறக்குங்கள். தண்ணீராகவே போனால் மட்டும் மூன்று நாள் காத்திராமல் ஒரு நாள் மருந்தை விட்டு, மறுநாள் குறைந்த அளவில் தொடங்குங்கள். மேக்ரோகாலுக்கு ஒரு படி என்பது ஒரு பாக்கெட்டோ, ஒன்றுவிட்ட நாளில் ஒரு பாக்கெட்டோ ஆகும். லாக்டுலோஸுக்கு ஒரு படி 5 முதல் 10 மில்லி. அதை இரவில் 15 மில்லியில் தொடங்கி, தேவையானால் காலை, இரவு எனப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு நாளில் 60 மில்லிக்கு மேலோ, இரண்டு பாக்கெட்டுக்கு மேலோ தேவைப்பட்டால் எங்களைக் கேளுங்கள். சிரப்பைப் புட்டியோடு தரும் அளவு மூடியால் அளங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

பாக்கெட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு முன் குடலைக் கழுவுவதற்கும் மேக்ரோகால்தான் தரப்படுகிறது. ஆனால் அது நூறு கிராமுக்கும் மேற்பட்ட பெரிய பாக்கெட்; இரண்டு லிட்டர் நீரில் கரைப்பது. மருந்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் அதைத் தினசரி மருந்தென்று எண்ணிவிடாதீர்கள். வாங்கும்போது பாக்கெட்டின் மேல் எத்தனை கிராம் என்று பாருங்கள்.

"தொடர்ந்து குடித்தால் குடல் பழகிவிடாதா?" என்பது அடுத்த கேள்வி. விளக்கெண்ணெயும் நிலாவாரையும் குடலைத் தூண்டிவிட்டு வேலை செய்பவை. இவ்விரண்டும் நீரைக் கொண்டு மலத்தை இளக்குவதோடு சரி, குடலைத் தூண்டுவதில்லை. மேக்ரோகாலைத் தினமும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இலேயே வெளியாகியுள்ளது. அக்காலம் முழுவதும் பலன் நீடித்தது. மருந்தை நிறுத்தியதும் சிக்கல் திரும்பினால், அது பழக்கம் ஆகிவிட்டதன் அடையாளமன்று. நோய் இன்னும் இருக்கிறது என்பதன் அடையாளம்.

மேலே சொன்ன விதி பொருந்தாதவர்கள் இரு பிரிவினர். முதலாவது, கல்லீரல் சுருக்க நோயாளிகள். அவர்களுக்கு லாக்டுலோஸ் தருவது மலச்சிக்கலுக்காக மட்டுமன்று. அம்மோனியா போன்ற நச்சுகள் மூளையைக் குழப்பாமல் காப்பதற்காக. டெல்லி கோவிந்த் பல்லப் பந்த் மருத்துவமனையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஒருமுறை மூளைக் குழப்பம் வந்து தெளிந்தவர்களுள் லாக்டுலோஸ் குடிக்காதவர்களில் 46.8 சதவீதத்தினருக்கு அது மீண்டும் வந்தது; குடித்தவர்களில் 19.6 சதவீதத்தினருக்கே வந்தது. இவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு, மூன்று முறை இளக்கமாகப் போவதே இலக்கு. "நன்றாகத்தான் போகிறது" என்று குறைக்கவோ, பொடிக்கு மாற்றவோ கூடாது. நீராகப் போனாலோ, பகலில் தூங்கிப் பேச்சுக் குழறினாலோ அன்றே வர வேண்டும்.

இரண்டாவது, படுக்கையிலேயே இருக்கும் முதியோர். பல நாள் மலம் போகாமல் இருந்து, பிறகு நீராகச் சிறிது சிறிதாகத் துணியில் கசிந்தால், அது பெரும்பாலும் பேதியன்று. ஆசனவாய்க்கு மேலே கல்லாக இறுகிய மலத்தைச் சுற்றி நீர் மட்டும் வழிகிறது. பேதியென எண்ணி மருந்தை நிறுத்தினால் அடைப்பு மேலும் இறுகும். வீட்டில் அளவை மாற்றாமல் அழைத்து வாருங்கள். விரலால் பரிசோதித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல் ஆகியவற்றுக்கு எந்த மருந்தும் தொடங்குமுன் பரிசோதனை வேண்டும். வயிறு வீங்கி, வாந்தியோடு காற்றும் பிரியாமல் இருந்தால் சிரப்பும் வேண்டாம், பொடியும் வேண்டாம். நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மற்றவர்கள் அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள். இரண்டு வாரக் குறிப்பு இருந்தால், உங்களுக்குரிய அளவை அதிலிருந்தே நாங்கள் சொல்லிவிடுவோம்.