கையெழுத்து உங்களுடையது, முடிவு யாருடையது?

"எல்லாம் சரியாத்தான்யா இருக்கு. மேல இருந்து வேண்டாம்னுட்டாங்க." முடிவெடுக்க வேண்டிய அதிகாரியே இப்படிச் சொன்னால் வயிறு எரியாதா?

எனக்கு ஊர் திசையன்விளை. அப்பா விட்டுப்போன பனங்காடு வேறொரு வட்டத்தில் கிடக்கிறது. பட்டா மாறுதலுக்கு மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாம் கொடுத்தேன். வி.ஏ.ஓ. அறிக்கையும் எனக்குச் சாதகம். வந்த உத்தரவில் காரணம் என்று ஒரே வரி: மேலதிகாரியின் அறிவுரைப்படி மனு நிராகரிக்கப்படுகிறது. 'பார்வை' என்று மேலே அடுக்கியிருந்ததில் கடைசியாக ஒரு கடிதத்தின் எண்ணும் தேதியும். அந்தக் கடிதத்தை யாரும் என் கண்ணில் காட்டவில்லை.

1983ஆம் ஆண்டு பட்டா பாஸ்புக் சட்டப்படி முடிவெடுப்பவர் வட்டாட்சியர். அது தப்பென்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. மேலே இருப்பவர் சொன்னதையே கீழே இருப்பவர் எழுதினால் நான் யாரிடம் முறையிட? சொல்லிக்கொடுத்தவரிடமேவா?

இந்த அநியாயத்துக்கு உச்ச நீதிமன்றம் 1951லேயே பதில் சொல்லிவிட்டது. பம்பாய் அந்தேரியில் தியேட்டர் கட்ட கோர்தன்தாஸ் பான்ஜிக்கு 1947இல் போலீஸ் கமிஷனர் அனுமதி தந்தார். இரண்டு மாதத்தில், அனுமதி ரத்து என்று தெரிவிக்கும்படி அரசு தனக்கு உத்தரவிட்டிருப்பதாக அவரே கடிதம் எழுதினார். வழக்கு வந்தபின், அது தன் சொந்த முடிவுதான் என்று சாதித்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. உத்தரவில் எழுதியிருப்பதுதான் கணக்கு, பிறகு தருகிற விளக்கம் அதை மாற்றாது என்றது. ரத்து செய்யும் அதிகாரம் கமிஷனருடையது, அவரோ அரசின் முடிவைத் தபால்காரராகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஆகவே அந்த ரத்து செல்லாது.

யாரிடமும் யோசனையே கேட்கக் கூடாது என்பதல்ல. கமிஷனர் முதலில் அனுமதி தந்தது ஓர் ஆலோசனைக் குழு சொன்னதன் பேரில்தான். அது தவறில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. யோசனையை எடைபோட்டு ஏற்கலாம். கட்டளைக்குத் தலையாட்டக் கூடாது.

இடமாற்றப் பயம் எனக்கும் புரிகிறது ஐயா, உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். ஆனால் அந்தப் பயத்துக்கு என் அப்பாவின் பனங்காடா விலை? மேலிடத்தில் சொன்னதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். கோப்பைப் படித்து, உங்கள் காரணத்தை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். எனக்குப் பாதகமாகவே இருக்கட்டும், மேலே போய் வழக்காடிக்கொள்கிறேன்.

என்னைப் போல் உத்தரவு வாங்கி வந்தவர்கள் 'பார்வை' பகுதியைப் படியுங்கள். மேலிடக் கடிதம் ஏதாவது இருந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, அதன் நகலையும் கோப்புக் குறிப்புகளையும் கேளுங்கள். மேல்முறையீட்டுக் கெடு முடிவதற்குள் கேளுங்கள்.