முழு ஆளி விதையும் கொலஸ்ட்ரோலும்

ஜேர்மனியக் கடைகளில் 'லைன்சாமன்' எனும் பெயரில் கிடைக்கும் ஆளி விதையை, கொலஸ்ட்ரோல் குறையுமென நம்பி முழுதாகவே விழுங்கிவருவோர் எம்மவரிடையே உளர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. அதன் தோல் கடினமானது. மெல்லப்படாத விதை பெரும்பாலும் போனபடியே வெளியேறுகின்றது. மலத்தில் விதைகள் தென்படுமாயின் வேறு சான்று வேண்டியதில்லை.

மலச்சிக்கல் மட்டுமே குறையெனில் முழு விதையும் உதவும். தோலிலுள்ள பசை நீரை ஈர்த்துப் பருத்து மலத்தை இளக்குகின்றது. கொழுப்பைக் குறைப்பதற்கோ விதை உடைபட்டாக வேண்டும்.

இதற்கெனக் கனடிய சுகாதாரத் திணைக்களம் 2014இல் ஏற்றுக்கொண்ட அளவு, நாளொன்றுக்கு அரைத்த விதை 40 கிராம். அது ஐந்து மேசைக்கரண்டி. நாள்தோறும் உண்பது எளிதன்று. இரண்டு மேசைக்கரண்டியைக் காலை, மாலை எனப் பிரித்து உண்பது நடைமுறைக்கு உகந்தது. பயனும் அதற்கேற்பச் சிறிதாகவே இருக்கும். மருத்துவர் தந்த குளிசையை இதற்காக நிறுத்துதல் பேதைமை.

முதல் வாரம் ஒரு தேக்கரண்டி போதும். மிகையாகத் தொடங்கினால் வயிறு ஊதும். கஞ்சியிலோ தயிரிலோ கலந்துண்டு, உடன் ஒரு பெரிய குவளை நீர் அருந்த வேண்டும். நீர் குறைந்தால் குடலில் அடைப்பு நேரலாம். குடல் ஒடுங்கியோர் இதனைத் தவிர்க்க வேண்டும். ஏனைய மருந்துகளுக்கும் இதற்குமிடையே இரண்டு மணிநேரம் விடுவது நன்று.

கோப்பிக்கொட்டை அரைக்கும் சிறு இயந்திரமே போதுமானது. சில நாட்களுக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். கசந்தாலோ, வர்ணப்பூச்சின் நெடி வீசினாலோ கொட்டிவிட வேண்டியதுதான். வர்ணத்தில் சேரும் எண்ணெயும் இவ்விதையினதே.