முதலில் ரோட்டின் பெயரைச் சொல்லுங்கள்!

ராத்திரி மழை கொட்டினால் காலை ரேடியோவில் அறிவிப்பு இப்படி வரும்: “நேற்றிரவு பெய்த பலத்த மழையின் காரணமாகத் தண்ணீர் தேங்கியிருப்பதால், துரைசாமி சுரங்கப்பாதை மூடப்பட்டுள்ளது. வாகன ஓட்டிகள் மாற்றுப்பாதையில் செல்லவும்.”

கேட்கக் கம்பீரம்தான். ஆனால் மேற்கு மாம்பலத்து ஆட்டோ டிரைவருக்கு மழை பெய்தது தெரியாதா? தன் ரோட்டின் பெயர் வரும்வரை அவர் காது கொடுப்பதில்லை. பெயர் விழும்போது பாதிச் சேதி போயே போச்சு. பேப்பர் என்றால் மறுபடி படிக்கலாம். ரேடியோவை என்ன செய்வது?

தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். காரணத்தை முன்னால் அடுக்கினால், ‘மூடல்’ வாலில் தொங்கும். துண்டு துண்டாக எழுதினால் தீர்ந்தது:

“துரைசாமி சுரங்கப்பாதை இரு பக்கமும் மூடல். மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகர் போகிறவர்கள் கோடம்பாக்கம் பாலம் ஏறி, வடக்கு உஸ்மான் சாலை வழியாகப் போகலாம். இது காலை 7 மணி நிலவரம். காரணம், மழைத் தண்ணீர். மூடியிருப்பது துரைசாமி சுரங்கப்பாதை.”

பெயர் இரண்டு தடவை வருவது, நடுவில் ரேடியோ போட்டவருக்காக. மணி ஏன்? 7 மணிக்கு எழுதியதை 9 மணிக்கும் படித்தால், தண்ணீர் வடிந்த பிறகும் ஜனங்கள் ஊரைச் சுற்றுவார்கள்.

மாற்றுவழியைப் போலீசாரிடம் கேட்காமல் எழுதவே கூடாது. பக்கத்தில் அரங்கநாதன் சுரங்கப்பாதை இருக்கிறதே என்று அதைச் சொல்லிவிட்டால்? மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடம்தானே அதுவும்!