கைவண்டியின் அச்சு எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: ஒரு ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறேன். காட்டிலிருந்து தார்ச்சாலை வரை பெட்டிகளைக் கொண்டுவர, ஊர் வெல்டிங் பட்டறையில் இரண்டு சக்கரக் கைவண்டி செய்தேன். பழைய மோட்டார் சைக்கிளின் முன்சக்கரங்களைப் போட்டோம். ஆறு பெட்டி ஏற்றினால் கைப்பிடியைத் தூக்க முடியவில்லை. என் மனைவி வண்டியைத் தொடவே மறுக்கிறார். இரண்டே மாதத்தில் சக்கரங்களும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிட்டன. என்ன செய்யலாம்?
– ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்

பதில்: தாங்கள் அனுப்பிய அளவுகளைப் பார்த்தேன். இரும்பில் குறையில்லை, அச்சு இருக்கும் இடத்தில்தான் குறை.

தங்கள் வண்டியின் மேடை 4 அடி நீளம். கைப்பிடி அதற்குப் பின்னால் 2 அடி நீள்கிறது. அச்சை மேடையின் நடுவிலிருந்து 1 அடி முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆறு பெட்டியும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாரத்தின் மையம் அச்சுக்கு 1 அடி பின்னால் விழுகிறது. கை பிடிக்கும் இடம் அச்சிலிருந்து 5 அடி. 150-ஐ 1-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 30 கிலோ. வண்டியைத் தள்ளும் நேரமெல்லாம் இந்த 30 கிலோவையும் கை தாங்க வேண்டும். தங்கள் மனைவி மறுப்பதில் நியாயம் இருக்கிறது!

அச்சை நடுவிலிருந்து 3 அங்குலம் மட்டும் முன்னால் வைத்தால், கை பிடிக்கும் இடம் 51 அங்குலத்தில் வரும். 150-ஐ 3-ஆல் பெருக்கி 51-ஆல் வகுத்தால் சுமார் 9 கிலோ. இது போதும். கையில் பாரமே வேண்டாம் என்று சரியாக நடுவில் வைத்துவிடாதீர்கள். வரப்பில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் குப்புறச் சாய்ந்து பெட்டி கொட்டிவிடும்.

ஆகவே அச்சை முதலிலேயே வெல்டிங் செய்யாமல், யு போல்ட் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஏற்றும் பெட்டிகளை ஏற்றி, கைப்பிடியில் தொங்கு தராசை மாட்டி, மேடை மட்டமாகும் வரை தூக்குங்கள். தராசு 8 முதல் 10 கிலோ காட்டும் வரை அச்சை நகர்த்துங்கள். பிறகும் யு போல்ட்டை அப்படியே விட்டுவிடலாம். நாளைக்குத் தீவனக் கட்டு ஏற்றும்போது உதவும்.

அடுத்து, சக்கரம் சாய்ந்த காரணம். மோட்டார் சைக்கிளில் முன்சக்கரத்தின் மெல்லிய அச்சை இருபக்கமும் ஃபோர்க் தாங்குகிறது. தாங்கள் அதை ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். குழியில் ஒருமுறை இறங்கினால் போதும், வளைந்துவிடும். பேரிங்கை மாற்றிப் பயனில்லை. இந்தச் சக்கரங்களையே வைத்துக்கொள்வதானால், சக்கரத்துக்கு வெளிப்பக்கமும் ஆங்கிளில் ஒரு சட்டம் கட்டி அச்சை இருபுறமும் தாங்க வேண்டும். ஆனால் வண்டி அகலமாகிவிடும், ஒற்றையடி வரப்பில் போகாது.

என் யோசனை, மேடைக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே தண்டாக 25 மி.மீ. பிரைட் பார் போடுவதுதான். 12 மி.மீ. தண்டைவிட இது வளைவை ஒன்பது மடங்கு தாங்கும். இரு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். தண்டு சுழல வேண்டாம். ஒவ்வொரு சக்கரமும் தன் பேரிங்கில் தனியே சுழலட்டும், அப்போதுதான் வண்டி சுலபமாகத் திரும்பும். ஒரு ஹப்புக்கு 6205 எண் பேரிங் இரண்டு, இருபக்கமும் ரப்பர் மூடியுள்ளதாக வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவே, உள்வளையங்களைத் தொடுமாறு, அளவாக வெட்டிய பைப் துண்டு ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நட்டை இறுக்கும்போது பேரிங் நெரிந்து சுற்றாது. நட்டுக்கு வெளியே ஸ்பிளிட் பின் போட மறக்க வேண்டாம்.

பட்டறையில் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேரிங் உள்ளே இருக்கும்போது ஹப்பிலோ அச்சிலோ வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூட்டில் ரப்பர் உருகும், கிரீஸ் கருகும். எர்த் கிளிப்பை வேறு மூலையில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து குண்டுகளில் பொத்தல் விழும். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது கரகரவென்று உணர்ந்தால் அந்தப் பேரிங் கெட்டுவிட்டது என்று பொருள்.

கைப்பிடிக்கு ஒரு அங்குல இரும்புப் பைப் போதும். அதன் நுனியை மேடையின் பின்சட்டத்தில் ஒட்டினால் அந்த ஒட்டிலேயே முறியும். பைப்பை மேடைக்கு அடியில் முன்சட்டம் வரை கொண்டுபோய், முன்னும் பின்னும் சட்டத்தில் வெல்டிங் வையுங்கள். ஜி.ஐ. பைப் என்றால் வெல்டிங் வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அந்தப் புகை காய்ச்சல் வரவைக்கும்.

வேலை முடிந்ததும், அச்சின் உயரத்தில் இரு ரிம்களுக்கும் இடையே முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை டேப் பிடித்துப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பணம் கொடுக்கும் முன் அச்சை நிமிர்த்தித் தரச் சொல்லுங்கள்.